மழைக்குள் ஆளை நிறுத்துவது: கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, தம்பியை ஸ்டூடியோவில் எடுத்து, Photoshop இல் மழை பெய்த காலி வீதிப் படத்துக்குள் வைத்தேன். காலடியில் 40 வீதத்தில் நிழலும் போட்டேன். அப்படியும் மிதக்கிறான்.

அந்த நிழலை முதலில் அழித்துவிடுங்கள். மிதப்பதற்குக் காரணமே அதுதான். உங்கள் படத்தில் வானம் முழுக்க மூடியிருக்கிறது. வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் நீட்டி விழுகிற நிழலுக்கு அங்கே இடமில்லை. சப்பாத்துக்கு அடியில் விரலளவுக்கு ஒரு மங்கலான கருமை இருக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் ஆளை நிலத்தோடு கட்டுவது எது? ஈரத் தார் வீதி ஏன் வெள்ளையாகப் பளபளக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அது வானத்தைக் காட்டுகிறது. தம்பி அங்கே நின்றால் அவனுடைய உடம்பு வானத்தை மறைக்கும். ஆகவே அவன் காலிலிருந்து கீழ்நோக்கி, அவன் வடிவத்தில், அந்த வெள்ளை இல்லாமல் போகவேண்டும். எல்லோரும் தலைகீழ்ப் பிரதியை ஒட்டி 30 வீதமாக மங்கலாக்கிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வானத்தின் வெள்ளை அதற்குள்ளே தெரிந்துகொண்டே இருக்கும். கண்ணாடித் தாளில் அச்சடித்து ஒட்டியது போலத்தான் வரும்.

நான் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டில், அதாவது இரண்டு லேயரில், செய்வேன். தலைகீழ்ப் பிரதியின் வடிவத்தை வீதியின் கருமையால் நிரப்பி, அடியிலிருப்பதை இருளாக்குகிற Multiply இல் வைப்பேன். அந்தக் கருமையை அதே படத்திலிருந்தே எடுக்கவேண்டும். உங்கள் படத்தில் வலப்பக்கம் ஒரு ஓட்டோ நிற்கிறது, அதன் காலடியில் வீதி எவ்வளவு கருப்போ அவ்வளவு. அதன் மேல் தம்பியின் தலைகீழ்ப் பிரதியை, அடியிலிருப்பதை வெளிச்சமாக்குகிற Screen இல் வைப்பேன். வெள்ளைச் சேர்ட்டும் முகமும் மட்டும் லேசாக எழும், கறுப்புக் காற்சட்டை தாரோடு கலந்துவிடும். நிஜத்திலும் அப்படித்தான்.

அப்புறம் இரண்டையும் Motion Blur இல், Angle 90 வைத்து, மேலும் கீழுமாக இழுங்கள். தார் சொரசொரப்பானது, அதனால் பிம்பம் பக்கவாட்டில் அகலாமல் நெடுக்கில்தான் நீளும். சப்பாத்தருகே கூர்மையாக விட்டு, கீழே போகப்போகக் கூட்டுங்கள். குழியில் தண்ணீர் தேங்கிய இடத்தில் மட்டும் இழுக்காமல் தெளிவாக விடுங்கள்.

தெகிவளையிலிருந்து: பிம்பத்தை எல்லா இடத்திலும் ஒரே அளவு மங்கலாக்கினால் போதாதா? நான் அப்படித்தான் செய்கிறேன், நன்றாகத்தான் வருகிறது.

தூரத்தில் நிற்கிற ஆளென்றால் போதும், அங்கே உங்கள் முறை சரி. கிட்ட நிற்பவருக்குப் பிழைக்கும். மழை விட்டதும் வாசலில் நின்று உங்கள் காலடியில் தேங்கிய தண்ணீரை நேர் கீழாகப் பாருங்கள், அடித்தரை தெரியும். தண்ணீர் அந்தக் கோணத்தில் வெளிச்சத்தில் 2 வீதம் அளவைத்தான் திருப்புகிறது. அதே தண்ணீரைத் தெருமுனையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் கண்ணாடி. ஆகவே படத்தின் கீழ் விளிம்பை நெருங்க நெருங்கப் பிம்பம் மெலியவேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மழையில் நிழலே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள் தம்பி. எங்கள் ஒழுங்கையில் ராத்திரி மழையிலும் விளக்குக் கம்பத்தடியில் என் நிழல் விழுகிறது.

ஐயா, இரவைப் பற்றிச் சொல்லாமல் விட்டது என் பிழை. நான் சொன்னது மூடிய வானத்துக்கு. ஆனால் இரவிலும் நீங்கள் பார்ப்பது நிழல்தானா என்று ஒரு சோதனை செய்யுங்கள். ஒருவரைக் கம்பத்துக்கு முன்னால் அசையாமல் நிற்கவைத்து, நீங்கள் இரண்டடி பக்கவாட்டில் நகருங்கள். நிழலென்றால் நிலத்தில் அதே இடத்தில் கிடக்கும். பிம்பமென்றால் உங்களோடு சேர்ந்து நகரும். ஈர வீதியில் விளக்கின் ஒளிக்கோடு உங்களை நோக்கி நீண்டு வரும். அந்தக் கோட்டைக் கால் இரண்டாக வெட்டும்போது தெரிகிற கறுப்பைத்தான் பலர் நிழல் என்கிறார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, மீண்டும்: செய்து பார்த்தேன். பேரனை நிறுத்தினேன். நகரவில்லை. நிழல்தான்.

மழை கொட்டியிருந்ததா, தூறலா? தூறலென்றால் தாரின் கற்கள் தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். அவை வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் காய்ந்த வீதி போல நிழல் நிற்கும். கற்கள் மூழ்கினால் வெளிச்சத்தில் பெரும்பங்கு ஒரே பக்கமாகத் தெறித்துப் போய்விடும், நிழல் வெளுக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, மீண்டும்: தூறலில்லை. வாய்க்கால் ஓடியது.

அப்படியானால் படத்தை அனுப்புங்கள், பார்க்காமல் நான் மறுக்கமாட்டேன். உங்கள் ஒழுங்கை தாரா கொங்கிறீட்டா என்பதையும் சொல்லுங்கள். கொங்கிறீட் வெளிர் நிறம், நனைந்தாலும் கணிசமாகச் சிதறடிக்கும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: அக்காவின் தலைமுடி நனைந்தது போலக் காட்ட மினுக்கம் போட்டேன். எண்ணெய் வைத்தது போல வருகிறது.

எண்ணெய் வைத்துச் சீவிய தலையில் மினுக்கம் ஒரு பட்டையாகக் குறுக்கே ஓடும். நனைந்த தலையில் பட்டை உடைந்துவிடும். முடி பத்துப் பதினைந்து இழையாக ஒட்டிக் கயிறு போலத் திரளும், ஒவ்வொரு திரளுக்கும் தன் சொந்த மெல்லிய ஒளிக்கோடு. திரளுக்கிடையில் உச்சந்தலைத் தோல் தெரியும். காற்றில் பறக்கிற தனி முடி ஒன்றுகூட இருக்கக்கூடாது. அந்த ஒற்றை முடிகளை விட்டுவிட்டு மினுக்கம் போடுவதால்தான் எண்ணெயாகிறது. வடிவம் முதலில், மினுக்கம் கடைசியில்.

உண்மையில் இதைக் கணினியில் செய்யவே வேண்டாம். எடுக்கும்போது ஒரு தெளிப்புப் போத்தலும் சீப்பும் போதும், பத்து நிமிட வேலை. ஆளை நனைத்து எடுங்கள்.

மருதானையிலிருந்து: சேர்ட் முழுவதையும் கருமையாக்கினேன், இன்னும் காய்ந்துதான் இருக்கிறது.

முழுவதையும் ஆக்கியதால்தான். தோள், கைகளின் மேற்புறம், நெஞ்சின் மேற்பகுதி முதலில் நனையும். கக்கமும் விலாவும் வெகுநேரம் காய்ந்திருக்கும். காற்சட்டை கீழ் விளிம்பிலிருந்து மேலே நனையும், அது தெறிக்கிற தண்ணீர். காய்ந்த இடமும் நனைந்த இடமும் சந்திக்கிற ஓரம் தெரிந்தால்தான் கண் நம்பும்.

பருத்தி நனைந்தால் வெறுமனே இருளாது, நிறமும் ஆழமாகும். நூலிடையில் தண்ணீர் நிறைய, வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வருவது குறைகிறது. ஆகவே இருளைக் கூட்டும்போது நிறச்செறிவையும் கொஞ்சம் கூட்டுங்கள். வெள்ளைப் பருத்தி வேறு கதை. அது ஒட்டிய இடத்தில் தோலின் நிறம் ஊடாகத் தெரியும், தோளில் லேசான தோல் நிறம் வேண்டும். ஒட்டுகிற மடிப்பை மட்டும் பிறகு வரைய முடியாது. நனைத்து எடுங்கள் என்று திரும்பவும் சொல்கிறேன்.

கிருலப்பனையிலிருந்து: மழைத் தாரைக்கு எந்தத் தூரிகை நல்லது?

எதுவும். நடுத்தரத் துளி ஒரு செக்கனில் 6 மீற்றருக்கு மேல் விழும், 1/60 செக்கனில் எடுத்த படத்தில் சுமார் 10 சென்ரிமீற்றர் கோடு. ஆளின் உள்ளங்கையோடு ஒப்பிட்டு நீளத்தை வையுங்கள், ஆளுக்குப் பின்னால் ஒரு தட்டு, முன்னால் ஒன்று.

மட்டக்குளியிலிருந்து: மழையில் படமெடுக்கப் போய் என் கமெராவுக்குள் தண்ணீர் போய்விட்டது, என்ன செய்ய?

பற்றரியைக் கழற்றுங்கள், திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள், திருத்துகிறவரிடம் இன்றே கொடுங்கள். இங்கே பேசுவது வேறு வேலை.

நாரஹேன்பிட்டியிலிருந்து: மழைத் தூரிகை எங்கே இறக்கலாம்?

கிருலப்பனைக்குச் சொன்னதைப் படியுங்கள். தூரிகையைப் பற்றி இனிப் பதில் எழுதமாட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து, மீண்டும்: அண்ணா, நீங்கள் சொன்னபடி இரண்டு தட்டிலும் செய்தேன். இப்போது நிற்கிறான். ஆனால் இடது கால் மட்டும் இன்னும் தூக்கியபடி இருக்கிறது.

இடது கால் பின்னால் இருக்கிறது, ஆகவே படத்தில் அது கொஞ்சம் மேலே நிலத்தைத் தொடுகிறது. நீங்கள் முழு உடம்பையும் ஒரே கோட்டில், வலது சப்பாத்தின் அடியில் வைத்துத் திருப்பியிருக்கிறீர்கள். இடது காலை முழங்கால் வரை தனியாக வெட்டி, அதன் சப்பாத்து தொடுகிற புள்ளியிலிருந்து தனியாகத் திருப்புங்கள். முழங்காலுக்கு மேலே இணைப்பு பிசகும். அந்த இடம் ஏற்கனவே இழுபட்டு மங்கியிருப்பதால் ஒரு மென்மையான மாஸ்க் போதும்.