ரீல்ஸுக்கு லோன் போடலாமா சார்?

கேள்வி: சார், பாலக்கோடு பக்கம் எங்க மகளிர் குழுவுல 12 பேரு, நான் ஊக்குநர். குளியல் சோப்பு, பாத்திரம் கழுவுற லிக்விட், தரை துடைக்கிற லிக்விட் செய்றோம். மாசம் 400 சோப்பு போகுது, ஒண்ணு 60 ரூபா, செலவு 38. எங்க அண்ணன் பையன் ரீல்ஸ் எடுக்க மாசம் 8,000 வாங்குறான், பூஸ்ட்டுக்கு 3,000 தனி. பேங்க் லோன்ல இருந்து 3 மாசமா குடுத்துட்டோம். வியூஸ் வருது, ஆர்டர் வரல. தனியார் நிதி நிறுவனத்துல தலைக்கு 40,000 போட்டு பெருசா பண்ணலாம்ங்கறான். போடலாமா?

பதில்: வேண்டாம்மா. 24 சதவீத வட்டி, ரெண்டு வருஷம்னு வச்சுக்கிட்டா தலைக்கு மாசம் சுமார் 2,100, 12 பேருக்கு 25,000 தாண்டும். உங்க சோப்புல மாசம் நிக்கிற லாபமே 8,800தான், லிக்விட்ல ஒரு 4,000 வருதுன்னு வச்சாலும் 13,000. இதுல எப்படி 25,000 கட்டுவீங்க? அதுவும் கடன் ஒவ்வொருத்தர் பேர்லயும் தனித்தனியா ஏறும், தவணை தவறுனா நாளைக்கு அவங்க பொண்ணு படிப்புக்கு லோன் கேக்கும்போது அங்க வந்து நிக்கும்.

போன 33,000த்தையும் பாத்துருங்க. சோப்புக்கு 22 லாபம்னா அது 1,500 சோப்போட லாபம், கிட்டத்தட்ட நாலு மாச உழைப்பு. நம்ம தர்மபுரி மாவட்டத்துல 1989லயே குழுன்னு ஆரம்பிச்சப்போ இருந்து வழக்கம் என்னன்னா குழு பணம் உறுப்பினர்கிட்ட போகும், வட்டியோட திரும்பி வரும். பூஸ்ட்டுக்கு போன பணம் திரும்பாது. இன்னொண்ணு சொல்றேன் கோச்சுக்காதீங்க, ஊக்குநரும் நீங்க, பணம் வாங்குறதும் உங்க அண்ணன் பையன். இன்னிக்கு யாரும் கேக்க மாட்டாங்க, தவணைக்கு பணம் இல்லாத அன்னிக்கு 11 பேரும் கேப்பாங்க.

லோன் பணம் எண்ணெய்க்குத்தான் வேணும். சோப்பு ஊத்துனா 4 முதல் 6 வாரம் காய வைக்கணும், அப்புறம் விக்கணும், அதாவது இன்னிக்கு எண்ணெய்ல போட்ட பணம் கைக்கு வர ரெண்டு மாசம் ஆகும். பேங்க் தவணை அதுவரைக்கும் காத்திருக்காது. லிக்விட் அப்படி இல்ல, இந்த வாரம் கலக்குனா அடுத்த வாரம் காசு. அதனால தவணைய லிக்விட் காசுல கட்டுங்க, சோப்பு மெதுவா வரட்டும். அந்த எண்ணெய் பணத்த உருவி வீடியோவுக்கு குடுத்ததாலதான் இப்ப கை இறுகுது.

வியூஸ் வந்தும் ஏன் ஆர்டர் வரலன்னா, சென்னையில இருந்து ஒருத்தர் ஒரு சோப்பு கேக்குறார், சோப்பு 60, கூரியர் 60-70, விலைய கேட்டுட்டு ஓடிடறார். வெளியூருக்கு அஞ்சு சோப்புக்கு குறைஞ்சு அனுப்பாதீங்க. லிக்விட்டை கூரியர்ல அனுப்பவே வேண்டாம், ஒழுகுனா நஷ்டம் உங்களுக்குத்தான். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம் பக்கம் இருக்கற மெஸ், ஹாஸ்டல், கல்யாண மண்டபத்துக்கு 5 லிட்டர் கேனா போடுங்க, அவங்க மாசாமாசம் வாங்குவாங்க.

ரீல் வேண்டாம்னு சொல்லல, அந்த ஸ்லோ மோஷன் பூ தூவறத விட்டுட்டு உங்க போன்லயே 30 செகண்டுக்கு எடுங்க. காஸ்டிக் சோடாவ தராசுல நிறுக்கறது, ட்ரேல ஊத்துன தேதி எழுதுன சீட்டு, காய வச்ச ரேக், கடைசில லேபிள கிட்டத்துல காட்டி எடை, விலை, தயாரிச்ச மாசம், குழு பேரு, போன் நம்பர், அவ்ளோதான். பேசறது குழுவுல ஒருத்தங்களா இருக்கட்டும். கெமிக்கலே இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க, காஸ்டிக் இல்லாம கட்டி சோப்பு வராதுன்னு தெரிஞ்சவன் ஒருத்தன் கமெண்ட் போட்டா மத்ததும் பொய்னு ஆயிரும். சரியா அளந்து போட்டு காய வச்சா காஸ்டிக் எண்ணெயோட சேந்து சோப்பா மாறிடும்னு உள்ளத சொல்லுங்க. தேமல் போகும், படை போகும்ங்கறதும் கூடாது, அது மருந்து விக்கிற பேச்சு. குளியல் சோப்பு காஸ்மெடிக் லைசென்ஸ்குள்ள வர்ற சரக்கு, அது இன்னும் எடுக்கலன்னா ரீல பெருசா பரப்பறதுக்கு முன்னாடி மாவட்ட மருந்து கட்டுப்பாட்டு அலுவலகத்துல போய் கேளுங்க. 33,000ல கொஞ்சம் அதுக்கு போயிருக்கலாம்.

பையன்கிட்ட எப்படி சொல்றதுன்னு தயக்கமா இருக்கும். மாச சம்பளம் கிடையாது, ரீல பாத்து வந்த ஒவ்வொரு ஆர்டருக்கும் 15 ரூபான்னு சொல்லுங்க. ரீல்ல மட்டும் தனி போன் நம்பர் குடுத்தா எது அவனால வந்துச்சுன்னு தெரிஞ்சுரும். ஒத்துக்கலன்னா வியூஸ் மேல அவனுக்கே நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். அடுத்த கூட்டத்துல இத தீர்மான நோட்டுல எழுதி 12 பேர் கையெழுத்தும் வாங்கிட்டு அப்புறம் அவனுக்கு போன் பண்ணுங்க, அத்தை சொன்னாங்கன்னு இல்லாம குழு சொல்லுச்சுன்னு இருக்கும்.