கல்யாண மண்டபத்தில் நான்காவது நிமிடம்

மொழியியல் பாடம் நடத்துகிறவன் நான். மண்டபத்தில் ஓரத்து நாற்காலியைத் தேடுகிற ஆளும்தான். விசேஷங்களில் பேசியே களைத்துப்போகும் நம்மைப் போன்ற இன்ட்ரோவெர்ட்டுகளிடமிருந்து வந்த கேள்விகளில் ஐந்துக்குப் பதில்.

ரிசப்ஷன்ல மூணு மணி நேரம் நின்னேன். பேசினது "எப்ப வந்தீங்க, சாப்பிட்டீங்களா" மட்டும்தான். மறுநாள் முழுக்க யார்கிட்டயும் பேசத் தோணலை. இதுல களைச்சுப் போக என்ன இருக்கு?

ஒருவர் பேசி முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி, சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். 2009-இல் பத்து மொழிகளில் அளந்தார்கள். கொஞ்சம் கூடக்குறைய எல்லாவற்றிலும் இதையொட்டியே வந்தது. ஆனால் ஒரு சொல்லைத் தேடி வாய்க்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் ஆகும். ஆகவே அவர் பேசும்போதே நீங்கள் பதிலைத் தயார் செய்தாக வேண்டும். தெரிந்த விஷயமென்றால் அடுத்து எது வரும் என்று ஊகித்துவிடலாம். விஷயமே இல்லாத பேச்சில் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டும். கூடவே மெல்லிசைக் குழுவின் ஸ்பீக்கர், எதிரே நிற்பவர் சித்தப்பாவா மாமாவா என்ற குழப்பம் வேறு.

"சாப்பிட்டீங்களா"வுக்குப் பதில் சிறு வயதிலேயே மனப்பாடம். அதில் செலவு கம்மி. அந்தச் சடங்கு முடிந்து, சொல்ல ஒன்றுமில்லாமல் இருவரும் நிற்கும் நான்காவது நிமிடம்தான் ஆளைத் தின்கிறது.

இன்ட்ரோவெர்ட்டுக்கு ஆழமான பேச்சுதான் சரிப்படும், வெட்டிப் பேச்சு மனசைக் கெடுக்கும்னு ஆராய்ச்சியே சொல்லுதே?

பாதி சரி. மத்தியாஸ் மேல் என்ற உளவியலாளரின் குழு 2010-இல் அப்படித்தான் கண்டது: ஆழமாகப் பேசுகிறவர்களுக்கு மகிழ்ச்சி கூட, வெட்டிப் பேச்சு அதிகமானவர்களுக்குக் குறைவு. 2018-இல் இன்னும் அதிகம் பேரை வைத்துப் பார்த்தபோது முதல் பாதி நின்றது, இரண்டாவது நிற்கவில்லை. பின்லாந்தில் 2017-இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். கலகலப்பாகப் பழகும்போது உற்சாகம், சுமார் மூன்று மணி நேரம் கழித்துக் களைப்பு. இன்ட்ரோவெர்ட், எக்ஸ்ட்ரோவெர்ட் இரண்டு பேருக்குமே. பிறகு நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதில் இன்னும் ஒத்த கருத்தில்லை.

நான் காரிலேயே உட்கார்ந்துட்டு, பந்தி நேரத்துக்கு உள்ளே போவேன். வீட்ல சண்டை. அடுத்த மாசம் மச்சினன் கல்யாணம். தப்பிக்க வழி உண்டா?

மச்சினன் கல்யாணத்தில் அந்த வீட்டு மாப்பிள்ளை தப்பிப்பதா! உங்கள் தவறே தாமதமாக உள்ளே போவதுதான். அதற்குள் மண்டபம் நிறைந்து, அத்தனை முகமும் ஒரே நேரத்தில் உங்களைப் பார்க்கும். ரிசப்ஷன் ஏழு மணிக்கென்றால் ஆறரைக்கே போய், வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். வருகிறவரிடம் "வாங்க வாங்க, உள்ளே உட்காருங்க." பத்து நொடி. அதற்குள் பின்னால் அடுத்த குடும்பம் வந்துவிடும். பேச்சை முடிக்கிற வேலையை அவர்களே செய்துவிடுவார்கள். நான்காவது நிமிடம் வராது. என் பெரியப்பா பேத்தி கல்யாணத்தில் ஒன்றரை மணி நேரம் அப்படி நின்றேன். கால்தான் வலித்தது.

எட்டரைக்கு மேல் கூட்டம் குறையும்போது அங்கேயே நிற்காதீர்கள். அப்போது வருகிறவருக்கு அவசரம் இருக்காது. பந்தி விசாரிக்கப் போய்விடுங்கள்.

பிடிச்சுக்கிட்ட ஆளை எப்படி விடறது? பாதியில எழுந்தா திமிர்னு சொல்றாங்க.

பேச்சு தானாக நிற்காது. முடிக்கலாமா என்று ஒருவர் கேட்டு மற்றவர் ஒப்புக்கொண்ட பிறகே நிற்கும் என்று ஷெக்லாஃப், சாக்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1973-இலேயே காட்டினார்கள். தமிழில் அந்தக் கேள்வி "சரி...". குரலை இறக்கி, கொஞ்சம் இழுத்துச் சொன்னால் எதிராளிக்கும் புரியும். அவரும் "சரி" என்றால் "வரேன்" என்று கிளம்பலாம்.

நம்மவர்கள் கோட்டை விடுவது ஒரு சொல்லில். மௌனம் தாங்காமல் "அப்புறம்?" என்று கேட்டுவிடுகிறோம். அது இன்னும் பேசுங்கள் என்று கொடுக்கிற அழைப்பு. நாமே கதவைத் திறந்துவிட்டு உள்ளே வந்துட்டாரே என்று புலம்புகிறோம். "சரி"க்கும் மசியாத ஆட்கள் உண்டு. அவர்களுக்கு என்னிடமும் மருந்தில்லை.

விசேஷத்துக்கு முந்தின ராத்திரி தூக்கமே வராது, உள்ளே போனா கை நடுங்கும். நானும் இன்ட்ரோவெர்ட்தானே?

இருக்கலாம், ஆனால் நடுக்கம் அதனால் அல்ல. நமக்குப் போய் வந்த பிறகு களைப்பு; உங்களுக்குப் போவதற்கு முன்பே பயம். கலகலப்பான ஆளுக்கும் இந்தப் பயம் வரும். விசேஷங்களையே தவிர்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு. மேலே நான் சொன்ன வாசல் மேஜை உங்களுக்கு வேண்டாம். முதலில் ஒரே ஒரு வீட்டுக்கு, தெரிந்த ஒருவரோடு போய் வாருங்கள்.