காரைத் தள்ளுவது கையின் வேலை அல்ல

கேள்வி: நின்றுபோன காரை நான் முழு பலத்தோடு தள்ளியும் அது அசையவில்லை. என்னைவிட ஒல்லியான ஒருவர் வந்து தள்ளியதும் நகர்ந்துவிட்டது. இது உடல் வலிமையா, வேறு ஏதேனும் நுட்பமா?

நீங்கள் காருக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் டிக்கியின் மேல் வைத்து, முழங்கையை மடக்கி மடக்கித் தள்ளியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜூலை மாத மழையில், மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் அருகே நானும் அப்படித்தான் தள்ளினேன்.

தேங்கிய நீரில் இறங்கியதும் என் பழைய சிறிய காரின் எஞ்சின் நின்றுவிட்டது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த என் மைத்துனர் மீண்டும் சாவியைத் திருக முயன்றபோது நான் தடுத்தேன்; காற்று இழுக்கும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அந்த நிலையில் எஞ்சினைச் சுழற்றுவது கனெக்டிங் ராடை வளைத்துவிடும் என்று மெக்கானிக் ஒருவர் முன்பே எச்சரித்திருந்தார். எனவே தள்ளித்தான் ஆக வேண்டும். எதிரே இருந்த சந்து, நாற்பது அடிக்கு ஓர் அடி என்ற அளவில் மெல்ல மேடேறி, உலர்ந்த இடத்துக்குப் போனது. மைத்துனர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே அமர, ரப்பர் செருப்பு அணிந்த நான் பின்னால் நின்று தள்ளினேன். கார் அசையவில்லை. பெட்டிக்கடையின் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கி நின்ற நான்கைந்து பேர் "இன்னும் ஜோராக" என்று இந்தியில் ஊக்கம் அளித்தார்களே தவிர, ஒருவரும் நனையத் தயாராக இல்லை.

நான் தமிழில் எதையோ முணுமுணுத்தது காதில் விழுந்திருக்க வேண்டும். ஹாத்காடி என்னும் கைவண்டி இழுக்கும் ஒருவர், தன் வண்டியைச் சுவரோரம் சாத்திவிட்டு வந்தார். தாராவியில் வசிப்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எடை ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டாது. முதலில் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "கையால தள்ளாதிய அண்ணாச்சி, காலால தள்ளுங்க. கை சும்மா கட்டை மாதிரி கிடக்கட்டும்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு வீட்டுக்கு வந்து தாளில் கணக்குப் போட்ட பிறகுதான் முழுமையாக விளங்கியது. விசையைக் கிலோவில் சொல்வது தவறு என்று இயற்பியல் படித்தவர்கள் பின்னூட்டம் இடுவார்கள் என்பதை அறிவேன். அவர்கள் கீழே வரும் எண்களை 9.8ஆல் பெருக்கி நியூட்டனாக்கிக் கொள்ளலாம். பீரோவைத் தூக்கிப் பழகியவர்களுக்குக் கிலோதான் புரியும் என்பதால் நான் அப்படியே எழுதுகிறேன்.

என் கார் 850 கிலோ, மைத்துனர் 80 கிலோ. சமதளத் தார்ச்சாலையில், காற்று சரியாக அடைத்த டயர்களில், மொத்த எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு விசை இருந்தால் கார் உருளும். அதாவது 14 கிலோ. மேட்டுக்காக நாற்பதில் ஒரு பங்கு, ஏறத்தாழ 23 கிலோ, சேர வேண்டும். ஆக, தண்ணீரின் எதிர்ப்பைக் கணக்கில் சேர்க்காமலேயே, 37 கிலோ தேவை.

இப்போது என் பக்கம் வருவோம். என் எடை 70 கிலோ, என் கைகள் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் காரைத் தொட்டன. நான் காரைத் தள்ளும்போது காரும் அதே விசையால் என்னைப் பின்னால் தள்ளுகிறது. அந்த விசை மூன்றடி உயரத்தில் செயல்படுவதால், என்னை மல்லாக்கச் சாய்க்கப் பார்க்கிறது. அதை எதிர்த்து என்னை முன்னால் கவிழ்க்கக்கூடியது என் உடல் எடை ஒன்றுதான், அதுவும் அந்த எடையின் மையம் என் பாதங்களுக்கு முன்னால் இருந்தால் மட்டுமே. இடுப்பருகே இருக்கும் அந்த மையம் பாதங்களுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, அதைக் கையின் உயரத்தால் வகுத்தால், என் எடையில் எத்தனை பங்கை விசையாகத் தர முடியும் என்பது கிடைத்துவிடும். நிமிர்ந்து நின்றபோது அந்தத் தூரம் நான்கு விரற்கடை, அதாவது 9 சென்டிமீட்டர் இருந்திருக்கும்; கையின் உயரம் 90 சென்டிமீட்டர். பத்தில் ஒரு பங்கு, ஏழு கிலோ. தேவை 37, நான் கொடுத்தது 7. நாள்தோறும் தண்டால் எடுப்பவனாக இருந்திருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. கையில் கூடுதல் பலம் கொடுத்திருந்தால் நான்தான் பின்னால் நகர்ந்திருப்பேன், கார் அல்ல.

பாதங்களைப் பின்னுக்கு வைத்து, எடை மையம் ஓர் அடி முன்னால் வரும்படி சாய்ந்தால் மூன்றில் ஒரு பங்கு, 23 கிலோ. ஒன்றரை அடி சாய்ந்தால் பாதி, 35 கிலோ. அப்படியானால் இன்னும் சாய்ந்துகொண்டே போகலாமே என்று தோன்றும். அங்கேதான் தரை குறுக்கிடுகிறது. சுவரில் சாத்திய ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள்: மிகவும் படுக்க வைத்தால் அடி வழுக்கிவிடும். காருக்கு நான் தரும் விசை முழுவதும் என் பாதத்தைத் தரை பிடித்துக்கொள்ளும் பிடியிலிருந்துதான் வருகிறது, அந்தப் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. உலர்ந்த சிமெண்ட் தரையில் நல்ல ரப்பர் அடிப்பாகம், உடல் எடையில் பாதிக்கு மேலேயே தாங்கும். சேறு கலந்த ஈரச் சாலையில், தேய்ந்த ரப்பர் செருப்போடு, மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிகம். போதாக்குறைக்கு, செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவே தண்ணீர் புகுந்து அங்கேயும் வழுக்கும். முழங்கால் வரை தண்ணீரில் நின்றால் மிதப்பு விசையே ஏழெட்டு கிலோவைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது, பிடி அந்த அளவுக்கும் குறைகிறது.

சாய்வும் பிடியும் ஒன்றுக்கொன்று அளவாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த நுட்பம். எது குறைகிறது என்பதை உடலே சொல்லிவிடும். பாதம் உறுதியாக நிற்க, உடல் பின்னால் தள்ளப்படுவதாகத் தோன்றினால் சாய்வு போதவில்லை. பாதம் பின்னால் வழுக்கினால் பிடி தீர்ந்துவிட்டது, இனிமேல் சாய்ந்தால் முகம் டிக்கியில் மோதும். இரண்டும் சரியாக இருந்தும் கார் இம்மியும் ஆடவில்லை என்றால், கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் பாருங்கள்.

ஹாத்காடிக்காரர் வெறுங்காலோடு, தார் கரடுமுரடாக இருந்த இடமாகப் பார்த்துப் பாதத்தைப் பதித்தார். அவருக்குப் பாதிப் பங்கு கிடைத்தது என்று வைத்தால் 27 கிலோ. என்னால் ஓரடிச் சாய்வில் 23. தனித்தனியே இருவராலும் 37ஐ எட்ட முடியாது, சேர்ந்தால் 50. (மும்பை மழைநீரில் வெறுங்காலோடு நிற்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கண்ணாடித் துண்டும், திறந்த சாக்கடைக் குழியும், காயத்தின் வழியே தொற்றும் எலிக்காய்ச்சலும் எனக்கும் தெரியும். பின்வார் உள்ள, அடிப்பாகம் தேயாத காலணியே நல்லது.)

கால்களின் பங்கு இதற்குப் பிறகுதான் வருகிறது. சாய்ந்து நின்றதும் முழங்கைகளை நேராக்கிப் பூட்டிவிட வேண்டும், அல்லது தோளையே காரில் பதித்துவிட வேண்டும். பின்னங்காலின் முழங்காலைச் சற்று மடித்து, தொடையின் பலத்தால் அதை நிமிர்த்தினால், பாதத்திலிருந்து இடுப்பு வழியாகத் தோளுக்கும் கைக்கும் விசை ஒரே கோட்டில் போகும். மடங்கிய முழங்கையால் தள்ளினால், தொடை கொடுப்பதைக் கைத்தசை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. கையை டிக்கியின் மேல்பரப்பில் வைத்து அழுத்தவும் கூடாது. கீழ்நோக்கி அழுத்தும் அளவுக்கு உங்கள் பாதத்தின் மேல் இருக்கும் எடை குறைந்து பிடி போய்விடும். டிக்கியின் கீழ் விளிம்பில் கை வைத்து, சற்றே மேல்நோக்கித் தள்ளுவதுபோல் கொடுத்தால், அந்த எடை பாதத்துக்குத் திரும்பி வரும்.

நாங்கள் இருவரும் தள்ளத் தொடங்கிய முதல் நொடியில், "நகரவில்லையே" என்று நான் நிமிரப் போனேன். "விடாதிய, விடாதிய" என்று அவர் கத்தினார். 50 கிலோவில் 37 போக மீதம் 13 கிலோதான் 930 கிலோவை வேகப்படுத்துகிறது. கணக்குப்படி முதல் நொடியில் கார் ஏழு சென்டிமீட்டர்தான் நகரும், இரண்டாவது நொடி முடிவில் இருபத்தேழு, மூன்றாவதில் இரண்டடி. ஒரு நொடி முக்கிப் பார்த்துவிட்டுக் கைவிடுபவர்கள், நகரத் தொடங்கிய காரைத்தான் கைவிடுகிறார்கள். அடுத்த தவறு, கார் நகர்ந்ததும் மகிழ்ச்சியில் நிமிர்ந்து நடப்பது. நிமிர்ந்த நொடியே 23 மீண்டும் 7 ஆகிவிடும். சாய்வு மாறாமல், பாதம் உடலுக்குப் பின்னாலேயே விழும்படி, குட்டி அடிகளாக வைத்துப் போக வேண்டும். மேட்டில் இளைப்பாறுவதானால் முதலில் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாக இறுகி, மிதித்தாலும் சரியாகப் பிடிக்காது, பின்னால் நிற்பவரின் கால் காருக்கு அடியில் போய்விடக்கூடும்.

கேள்வியில் இல்லையென்றாலும், வீட்டு பீரோவுக்கும் இதே கணக்கு என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரே வழுவழுப்பான டைல்ஸ் தரையில் பீரோவின் காலுக்கும் உங்கள் பாதத்துக்கும் ஒரே அளவு பிடி இருந்தால், உங்களைவிடக் கனமான பீரோவை நீங்கள் நேராகத் தள்ளி நகர்த்தவே முடியாது. எனவே பீரோவின் பிடியைக் குறைத்து உங்கள் பிடியைக் கூட்ட வேண்டும்: அதன் காலுக்கு அடியில் உலர்ந்த பழைய கம்பளியை மடித்துப் போடுங்கள், நீங்கள் காலுறையைக் கழற்றிவிடுங்கள். தள்ளும் இடம் தரையிலிருந்து இரண்டடிக்குள் இருக்கட்டும். உயரத்தில் தள்ளினால் பீரோ நகர்வதற்கு முன் கவிழப் பார்க்கும்.

மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். "நீங்கள் இறங்கியிருந்தால் கார் எளிதாக நகர்ந்திருக்கும்" என்று பல ஆண்டுகள் அவரைக் குறை சொல்லி வந்தேன். அவருடைய 80 கிலோவால் கூடியது சமதளத்துக்கு ஒரு கிலோவும் மேட்டுக்கு இரண்டு கிலோவும்தான் என்று கணக்குக் காட்டியபோது, அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றேன். ஆனால் அன்று நான் தனியாகத் தள்ளிய முதல் ஐந்து நிமிடமும் ஹேண்ட் பிரேக் பாதி இழுத்தபடியே இருந்ததை, ஹாத்காடிக்காரர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மைத்துனர் இறக்கினார். அதை மட்டும் இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.