நஷ்டத்தில் நிற்கும் ட்ரேடும் சார்ட்டில் உடைந்த காரணமும்: கேள்வி பதில்

கேள்வி: ஏழு வாரமாக 182-க்கும் 200-க்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த பங்கு 200-ஐ உடைத்து மேலே போனது. பிறகு 198 வரை இறங்கித் திரும்பியதைப் பார்த்து 206-இல் 500 பங்குகள் வாங்கினேன். தினசரி முடிவு விலை 197-க்குக் கீழே போனால் விற்பது என்று திட்டம். 195-இல் முடிந்த அன்று விற்க மனம் வரவில்லை. 186-இல் இன்னொரு 500 வாங்கி ஆவரேஜ் செய்தேன். இப்போது விலை 171. சராசரி 196 வந்தால் போதும், லாபமே வேண்டாம், வெளியே வந்துவிடுவேன். எங்கே தவறினேன் ஐயா?

195-இல் முடிந்த அந்த மாலையில்தான். அதற்குப் பிறகு நீங்கள் கொடுத்ததெல்லாம் அதன் வட்டி.

நீங்கள் வாங்கியபோது உங்கள் கைவசம் ஒரு வாதம் இருந்தது: இதுவரை தடுத்துக்கொண்டிருந்த 200 இனித் தாங்கும். விலை 198 வரை வந்து திரும்பியது அந்த வாதத்துக்கான சாட்சி. 195-இல் நாள் முடிந்தபோது விலை மறுபடியும் பழைய ரேஞ்சுக்குள் வந்துவிட்டது; அந்தச் சாட்சி பொய்த்துப்போனது. கவனியுங்கள், விலை இன்னும் விழும் என்று சார்ட் அன்று சொல்லவில்லை. வைத்திருப்பதற்கு நீங்கள் சொன்ன காரணம் இப்போது இல்லை என்று மட்டுமே சொன்னது. பலர் இதை விலை பற்றிய கணிப்பாக எடுத்துக்கொண்டு, ‘திரும்பவும் ஏறலாமே’ என்று அதனோடு வாதாடுகிறார்கள். ஏறலாம்தான், ஆனால் அது நீங்கள் எடுத்த ட்ரேடாக இருக்காது.

மறுநாள் காலை 194-இல் விற்றிருந்தால் பங்குக்கு 12 வீதம் 6,000 போயிருக்கும். கை ஏன் வரவில்லை? விற்காதவரை அது திரையில் ஓடும் எண், விற்றபின் அது நம்முடைய தவறு. நிச்சயமான நஷ்டத்தை ஏற்பதைவிட, பெரிய நஷ்டத்துக்கு வழி திறந்துவைத்தாவது பூஜ்யத்துக்குத் திரும்பும் வாய்ப்பைப் பிடித்துக்கொள்ளவே மனிதர்கள் விரும்புகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கினார்கள். 1992-இல் அவர்கள் தந்த மதிப்பீட்டின்படி, ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நஷ்டம் ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு கனக்கிறது.

186-இல் வாங்கியது வேறு நோய். ‘இவ்வளவு போட்டாயிற்றே’ என்ற எண்ணம் அது. இந்தப் பங்கே கையில் இல்லாத ஒருவர் அன்று 186-இல் வாங்கியிருப்பாரா? வாரச் சார்ட்டைத் திறந்து, கீழே 182 இருக்கிறது என்று ஆறுதல் கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் செய்திருக்கிறேன், நஷ்டம் பெரிதாகும்போது நமக்கு டைம்ஃப்ரேமும் பெரிதாகிவிடுகிறது. சரி, 182 தாங்கும் என்பதே காரணமாக இருந்திருந்தால் அது இரண்டாவது ட்ரேட், அதற்கான முறிவு விலை, அதாவது உங்கள் காரணம் பொய்த்தது என்று காட்டும் விலை, 182-க்குக் கீழே. அதுவும் உடைந்துவிட்டது. இரண்டு ட்ரேடுகளும் தனித்தனியே முடிந்துபோனவை. ஆவரேஜ் செய்ததால் அவை ஒன்றாகக் கலந்து 196 என்ற புதிய எண்ணைத் தந்திருக்கின்றன. சார்ட்டில் அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. அது உங்கள் கணக்குப் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது.

இன்றைய நிலையில் 1,000 பங்குகளில் 25,000 நஷ்டம். 171-லிருந்து 196-க்குப் போக 14.6 சதவீதம் ஏற வேண்டும். வழியில் 182-ஐ ஒட்டி, உங்களைப் போலவே போட்ட பணம் வந்தால் போதும் என்று விற்கக் காத்திருப்பவர்கள் இருப்பார்கள். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: கையில் எதுவும் இல்லாமல் இன்று 171-இல் இதை வாங்குவேனா, வாங்கினால் எந்த விலையில் என் கருத்து தவறாகும்? இரண்டாவது இடத்தில் எண் எழுத முடியவில்லை என்றால் வைத்திருக்கக் காரணம் இல்லை. முழுவதையும் ஒரே நாளில் விற்க மனம் ஒப்பவில்லை என்றால் பாதியை விற்றுவிடுங்கள். விதிப்படி இது சரியான யோசனை அல்ல. ஆனால் பாதி போனபின் மீதிப் பாதியைப் பற்றித் தெளிவாக யோசிக்க முடிந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இதற்கெல்லாம் எளிய வழி இருக்கிறது. நான் எந்தப் பங்கானாலும் வாங்கிய விலைக்கு 5% கீழே ஸ்டாப் லாஸ் போட்டுவிடுவேன். பிரச்சினையே இல்லை.

நஷ்டத்துக்கு எல்லை வைக்கிறீர்கள். இது பலர் செய்யாதது. ஆனால் நீங்களும் அளப்பது உங்கள் வாங்கிய விலையிலிருந்துதான்.

மேலே உள்ள பங்கையே எடுத்துக்கொள்வோம். 206-இல் வாங்கியவருக்கு 5% என்பது 195.70, தற்செயலாக அது முறிவு விலையான 197-க்கு அருகில் அமைந்துவிட்டது. தாமதமாக 214-இல் வாங்கியவருக்கோ 203.30. விலை 200-ஐத் தொட்டுப் பார்க்க மறுபடி இறங்கினால், அது பிரேக்அவுட்டுக்குப் பிறகு சாதாரணமாக நடக்கக்கூடியது, அவர் தூக்கி எறியப்படுவார். அவருடைய வாதமோ அப்போதும் உயிரோடு இருக்கும். அதாவது கருத்து தவறாகாமலேயே நஷ்டம் வாங்குகிறார். இப்படி நான்கைந்து முறை நடந்தபின் ‘ஸ்டாப் லாஸே வீண்’ என்று எடுத்துவிடுகிறார்கள்.

முறிவு விலையைச் சார்ட் தீர்மானிக்கட்டும், எத்தனை பங்கு என்பதை உங்கள் பணம் தீர்மானிக்கட்டும். ஒரு ட்ரேடில் 4,500 வரை இழக்கலாம் என்று வைத்தால், 206-க்கும் 197-க்கும் இடைவெளி 9, ஆகவே 500 பங்கு. 214-இல் வாங்கினால் இடைவெளி 17, ஆகவே 264 பங்கு மட்டுமே. தாமதமாக வந்ததற்கான விலையை அளவில் கொடுக்கிறீர்கள்; 197 நகரவில்லை. 264 பங்கு குறைவாகத் தோன்றினால் அந்த ட்ரேடை விட்டுவிடலாம்.

கேள்வி: அப்படியென்றால் வாங்கிய விலைக்குக் கீழே போனதுமே விற்கச் சொல்கிறீர்களா? என் எல்லா ட்ரேடும் முதலில் கொஞ்சம் சிவப்பில்தான் இருக்கும்.

இல்லை. 206-இல் வாங்கியது 199-க்கு வந்தால் நஷ்டத்தில் இருக்கிறீர்கள், ஆனால் தவறவில்லை. சிவப்பு நிறம் வாங்கிய விலையைப் பார்த்து வருவது. முறிவு, சார்ட்டைப் பார்த்து வருவது. அந்த நிறத்தை மறைக்கும் வசதி உங்கள் திரையில் இருந்தால் ஒரு மாதம் மறைத்துவைத்துப் பாருங்கள்.

கேள்வி: கேண்டிலின் வால் மட்டும் கீழே போய் என் ஸ்டாப்பை அடித்துவிட்டு, அன்றே விலை மேலே முடிகிறது. இது திட்டமிட்டுச் செய்யும் வேட்டை. ஆகவே நான் முடிவு விலையைத்தான் பார்க்கிறேன். சரிதானே?

வேட்டை என்பதை நான் அவ்வளவு எளிதாக ஒப்ப மாட்டேன். கண்ணுக்குத் தெரியும் ஒரு பள்ளத்துக்குச் சற்றுக் கீழே பலருடைய ஸ்டாப்களும் குவிந்திருப்பதால் அங்கே விற்பனை ஒன்றையொன்று தூண்டி நடப்பது இயல்பு. அதற்குச் சதிகாரர் தேவையில்லை.

முடிவு விலையைப் பார்ப்பதில் நியாயம் உண்டு, விலையும் உண்டு. 197-க்குக் கீழே முடிந்தால் என்று காத்திருந்தால் அது 196-இலும் முடியலாம், 189-இலும் முடியலாம். மறுநாள் இடைவெளி விட்டு இன்னும் கீழே திறக்கலாம். மேலே கேட்டவருக்கே, திட்டத்தைக் கடைப்பிடித்திருந்தாலும் 4,500 அல்ல, 6,000 போயிருக்கும். ஆகவே முடிவு விலையை நம்புபவர்கள் பங்கு எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதோடு, நன்கு கீழே, எடுத்துக்காட்டாக 190-இல், சந்தையிலேயே ஒரு ஸ்டாப் ஆர்டரையும் நிறுத்திவைப்பது நல்லது. இரவில் வரும் செய்திக்கு எதிராக அதுவும் உதவாது. மற்றொன்று: ‘முடியட்டும் பார்ப்போம்’ என்பவர் முடிந்த பிறகு ‘வார முடிவைப் பார்ப்போம்’ என்று சொல்லத் தொடங்கினால், அவர் முறையை மாற்றவில்லை, சாக்கை மாற்றுகிறார். தொடுதலா முடிவா என்ற விவாதத்தில் எனக்கு இன்னும் உறுதியான பதில் இல்லை. வாங்குவதற்கு முன் எதை எழுதினீர்களோ அதையே கடைப்பிடியுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி: இதையெல்லாம் நஷ்ட வெறுப்பின் தலையிலேயே கட்டிவிட முடியுமா? டெரன்ஸ் ஓடீனின் 1998 ஆய்வு, லாபத்தை விற்று நஷ்டத்தைப் பிடித்துவைக்கும் பழக்கத்தைக் காட்டியது, காரணத்தை அல்ல. 2009-இல் நிதித்துறை ஆய்வாளர்கள் பார்பெரிஸும் ஷியோங்கும் காட்டியபடி, கானமன்-ட்வெர்ஸ்கி கோட்பாட்டின் கணக்குச் சில நேரம் நேர்எதிர் நடத்தையைக் கணிக்கிறது. தவிர, விழுந்தது மீளும் என்ற அடிப்படையில் ட்ரேட் செய்பவர்களுக்கு ஸ்டாப் லாஸ் பலனையே கெடுக்கும்.

முதல் பாதியை அப்படியே ஏற்கிறேன். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓடீன் ஒரு தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை ஆராய்ந்தார். கையிலிருந்த லாபங்களில் 14.8 சதவீதத்தை விற்று எடுத்தவர்கள், நஷ்டங்களில் 9.8 சதவீதத்தையே விற்றார்கள். விற்ற லாபப் பங்குகள், பிடித்துவைத்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக நன்றாகவே ஓடின. மீளும் என்ற நம்பிக்கையும் ஒரு காரணமாக இருக்கலாம், விற்கும் கணத்தின் வலியும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் வாங்குவதற்கு முன்பே எழுதிய எண் உதவுகிறது. அதை எழுதும்போது அந்த வலி இன்னும் தொடங்கவில்லை.

இரண்டாவது பாதியிலும் உண்மை உண்டு. விழ விழ வாங்கும் முறையில் நெருக்கமான ஸ்டாப் முரண்பாடானது. அவர்கள் தப்பிப்பது சிறு அளவுகளாலும், பல பங்குகளில் பிரிப்பதாலும், ‘இத்தனை நாளில் மீளாவிட்டால் விற்பேன்’ என்ற கால எல்லையாலும். அவர்களுக்கு முறிவு என்பது விலையில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது. ஆனால் பிரேக்அவுட்டுக்கு வாங்கிவிட்டு, அது தோற்ற பிறகு ‘நான் மீட்சி ட்ரேடர்’ என்று பெயர் மாற்றிக்கொள்பவரை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

கேள்வி: என் அப்பா இருபது வருடமாக ஒரு பங்கை வைத்திருக்கிறார். சார்ட் உடைந்திருக்கிறது. விற்கச் சொல்லட்டுமா?

வேண்டாம். அவர் சார்ட்டைப் பார்த்து வாங்கியிருக்க மாட்டார். ஆகவே சார்ட் உடைவது அவருடைய காரணத்தைத் தொடாது. அந்தத் தொழிலைப் பற்றி அவர் எதை நம்பி வாங்கினார், அது இன்னும் உண்மையா என்று கேளுங்கள்.

கேள்வி: ஸ்டாப்பில் விற்ற மறுநாளே விலை பறந்தது. இரண்டு முறை இப்படி ஆனபின் மூன்றாவது முறை கோட்டைக் கீழே நகர்த்திவிட்டேன். எப்படி நிறுத்துவது?

அந்த இரண்டும் மறக்காது. கோட்டை நகர்த்தித் தப்பித்தவையும் மறக்காது. நகர்த்தி மூழ்கியவை மட்டும் நினைவில் மங்கிவிடும். அதனால் நினைவை நம்பாமல் எழுதிவையுங்கள். முறிவு விலையைத் தாண்டிய ஒவ்வொரு ட்ரேடுக்கும் மூன்று எண்கள் போதும்: திட்டப்படி விற்றிருந்தால் என்ன போயிருக்கும், உண்மையில் என்ன போனது, விற்ற நாளிலிருந்து பத்து நாள் கழித்து விலை என்ன. என்னுடைய நோட்டில் முதல் 20 வரிகள் நிரம்பியபோது, நகர்த்தித் தப்பித்த ட்ரேடுகளே எண்ணிக்கையில் அதிகம். ஆனால் அவை மிச்சப்படுத்திய அத்தனையையும் நகர்த்தி மூழ்கிய இரண்டே இரண்டு வரிகள் தின்றிருந்தன.

விலை பறந்துவிட்டதே என்ற ஆதங்கத்துக்கு ஒரு வழி உண்டு. 195-இல் விற்றுவிட்டீர்கள், விலை மறுபடி 200-க்கு மேலே முடிகிறது என்றால், புதிய பள்ளத்துக்குக் கீழே புதிய முறிவு விலையை எழுதி மீண்டும் வாங்கலாம். அதற்குத் தடை எதுவும் இல்லை, முதலில் விற்றதைவிட அதிக விலையில் வாங்க வேண்டியிருக்கும் என்பதைத் தவிர. பெரும்பாலோரால் அதுதான் முடிவதில்லை.