எழுதி முடித்த கட்டுரையிலிருந்து சட்டகம் எடுப்பது: கேள்வி பதில்

கிளிநொச்சி, உயர்தர மாணவி: இரணைமடுக் குளத்தைப் பற்றி ஏழு பந்தியில கட்டுரை எழுதி முடிச்சிட்டன். இப்ப அதிலயிருந்து சட்டகம் எடுத்துக்கொண்டு வரச்சொல்லி ரீச்சர் சொல்லியிருக்கிறா. ஒவ்வொரு பந்திக்கும் என்ன எழுதுறது?

முதலில் பந்திகளுக்கு இலக்கம் போடுங்கள். தனித் தாளொன்றில் 1 முதல் 7 வரை இறக்கி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பந்தியை வாசித்ததும் கட்டுரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தப் பந்தி சொன்னதை ஒரே வசனத்தில் எழுதுங்கள். "குளத்தின் வரலாறு" என்று எழுதினால் அது வெறும் தலைப்பு. அதை வைத்துச் சரி பிழை பார்க்க முடியாது. "சிறுபோகம் குளத்து நீரில்தான் தங்கியிருக்கிறது" என்பது கருத்து. எழுதும்போது மனதில் இருந்தது இந்த வேலைக்கு உதவாது, தாளில் கிடப்பதை மட்டும் எடுங்கள். கவிழ்த்து வைக்கச் சொல்வதும் அதற்குத்தான். பார்த்துக்கொண்டிருந்தால் கை பழைய வசனத்தையே பிரதிபண்ணும்.

அதே மாணவி: செய்திட்டன், இனி என்ன செய்யிறது?
1. குளம் இல்லாவிட்டால் கிளிநொச்சியில் விவசாயம் இல்லை.
2. கனகராயன் ஆறு குளத்துக்கு நீர் கொண்டுவருகிறது.
3. காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும், சிறுபோகத்துக்குக் குளத்து நீர் வேண்டும்.
4. குளம் வெள்ளையர் காலத்தில் கட்டப்பட்டது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள்.
5. நீர் குறைந்த வருடத்தில் எல்லோருக்கும் முழுக் காணியும் விதைக்கக் கிடைக்காது.
6. சிறுபோகத்துக்குக் குளத்து நீர் அவசியம்.
7. (எழுத வரேல்லை)

நல்ல பட்டியல். இப்போது கட்டுரையை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள்.

நாலாவதை ஒரு வசனமாக எழுதியிருந்தாலும் அதற்குள் தொடர்பில்லாத இரண்டு கருத்து இருக்கிறது. அந்தப் பந்தியைப் பிரிக்க வேண்டும். கூட்டத்தில் ஏக்கர் தீர்மானிக்கும் பகுதி ஐந்தாவதற்குப் பின்னால் போய் நிற்கட்டும், ஏனென்றால் நீர் குறைவதால்தான் பங்கு பிரிக்கும் தேவையே வருகிறது. கட்டிய வரலாறு இரண்டாவதோடு சேரலாம். ஆறாவது மூன்றாவதையே திருப்பிச் சொல்கிறது. அதில் புதிய உதாரணம் ஏதும் இருந்தால் மூன்றாவதற்குள் கொண்டுபோய்விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். ஏழாவதற்கு எழுத வராதது உங்கள் வாசிப்பின் குறையாக இராது. அந்தப் பந்தியில் "நீரைப் பேணுவோம்" போன்ற பொதுவான பேச்சு மட்டும் இருக்கும்.

இதைவிடப் பெரிய விசயம் முதலாவதில் இருக்கிறது. "விவசாயம் இல்லை" என்று தொடங்கிவிட்டு, காலபோகத்தை மழை காப்பாற்றும் என்று மூன்றாவதில் நீங்களே மறுக்கிறீர்கள். கட்டுரை உண்மையில் போய்ச் சேருவது ஐந்தாவதில்: சிறுபோகத்தில் போதாத நீரை எப்படிப் பங்கிடுவது. அதை முன்னுரைக்குக் கொண்டுவாருங்கள்.

முல்லைத்தீவு, ஒரு தந்தை: நான் மகனிட்ட ஒவ்வொரு பந்தியின்ரையும் முதல் வசனத்துக்குக் கீழ கோடு போடச் சொல்லுறனான். அதைச் சேர்த்து எழுதினாலே போதும்தானே?

முதல் வசனத்திலேயே கருத்தை வைக்கப் பழகிய பிள்ளைக்குப் போதும். ஆனால் பல பிள்ளைகளின் பந்தி "அது மட்டுமன்றி" என்றோ ஒரு பழமொழியோடோ தொடங்கும், கருத்து நாலாம் வசனத்தில் ஒளிந்திருக்கும். கோடு போடுவதை விடச் சொல்ல மாட்டேன். மகன் தன் சொல்லில் எழுதிய வசனத்தையும் கோடு போட்ட வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே இரண்டும் வேறாக நிற்கிறதோ, அந்தப் பந்தியின் தொடக்கத்தைத் திருத்த வேண்டும்.

மாங்குளம்: இது சுருக்கம் எழுதுறதுதானே? மூண்டிலொரு பங்குக்கு மேல போகக்கூடாது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிட்டன்.

அந்த அளவை எடுத்துவிடுங்கள். சுருக்கம் எழுதுகிறவர் திருப்பிச் சொன்னதை ஒருமுறைதான் சொல்வார், அறுந்த இடத்தை "ஆகவே" போட்டு ஒட்டுவார். இங்கே ஒட்டவே கூடாது. மூன்றாவதும் ஆறாவதும் ஒரே கருத்தென்றால் பட்டியலிலும் அது இரண்டு தடவை நிற்க வேண்டும். அந்தப் பழுதைக் காணத்தான் பட்டியல். அளவு ஒன்றே ஒன்றுதான்: பந்திக்கு ஒரு வசனம்.

வவுனியா, ஆசிரியை: எழுதின பிள்ளையே சட்டகம் எடுக்கிறதோ, பக்கத்துப் பிள்ளையிட்டக் குடுக்கிறதோ நல்லம்?

நான் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுப்பேன். எழுதியவருக்குத் தாளில் இல்லாததும் இருப்பதுபோலத் தெரியும். மற்றப் பிள்ளை எழுதிய வசனத்தைப் பார்த்து "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று எழுதியவர் சண்டைக்கு வந்தால், திருத்த வேண்டிய பந்தி அதுதான்.

நெடுங்கேணி, ஆசிரியர்: உதுக்கு நான் உடன்படமாட்டன் மிஸ். வாசிக்கக் கஷ்டப்படுற பிள்ளையிட்டக் குடுத்தா, நல்ல பந்தியையும் பிழையா எழுதி வைக்கும். எழுதின பிள்ளை பாவம், சரியா இருந்ததை வெட்டிப்போடும்.

அந்த ஆபத்து உண்டு, சேர். ஒரே கட்டுரையை இரண்டு பேரிடம் கொடுத்து, இருவரும் தடுமாறிய பந்தியை மட்டும் திருத்தச் சொல்லலாம். ஆனால் 40 நிமிடப் பாடத்துக்குள் அது முடியாது, வாசிப்புக்கு ஒன்றும் திருத்தத்துக்கு ஒன்றுமாக இரண்டு பாடவேளை வேண்டும்.