பரீட்சைக்கு 14 கிழமை: அட்டவணையில் எதை வெட்டுவது?

கேள்வி: இரண்டாம் முறை உயர்தரம் எழுதுகிறேன், கணிதப் பிரிவு. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கிழமையில் 5 நாள் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு 28 மணித்தியாலம், வீட்டுப் படிப்பு 50 மணித்தியாலம், நித்திரை 5 மணித்தியாலம்தான். மூன்று கிழமையாகப் புள்ளி இறங்குது. கொப்பியைத் திறக்கவே வெறுப்பா இருக்கு. இன்னும் கூடப் படிக்கவா, குறைக்கவா?

பதில்: குறையுங்கள். ஆனால் அதற்கு முன், புள்ளி இறங்குவது பாடம் தெரியாததாலா, களைப்பாலா என்று பார்த்துவிடுங்கள். ஓர் இரவு எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டு எழும்பி, கடைசியாகச் செய்த மூன்று பல்தேர்வு வினாத்தாள்களை எடுங்கள். பிழைத்த வினாக்களை மட்டும் விடை பார்க்காமல் திரும்பச் செய்யுங்கள். இப்போதும் வராததற்குப் பக்கத்தில் ‘தெ’ (தெரியாது) என்றும், இரண்டு நிமிடத்தில் சரியாக வந்துவிட்டதற்கு ‘க’ (கவனப்பிழை) என்றும் போடுங்கள்.

பௌதிகவியலில் கம்பியின் யங்கின் மட்டு கேட்ட வினா ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருகுக்கணிச்சி வாசிப்பு விட்டத்தைத் தருகிறது. அதை அரைவாசியாக்காமல் ஆரை என்று பிரதியிட்டால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகி, விடை நாலில் ஒன்றாக வரும். அந்த விடையும் தெரிவுகளில் இருந்தால், பிழை என்ற சந்தேகமே எழாமல் அடையாளமிட்டுவிடுவீர்கள். நித்திரை கொண்டபின் அதே வினா ஒரு நிமிடத்தில் சரியாக வருகிறதென்றால், அந்த அலகை மறுபடி படிப்பதால் ஒரு பலனும் இல்லை. பிழைகளில் பாதிக்கு மேல் ‘க’ என்றால் காரணம் களைப்புத்தான். ‘தெ’தான் கூட என்றால் அந்த அலகுகளைப் படிக்க வேண்டும். அப்போதும் அதற்குரிய நேரத்தை நித்திரையிலிருந்து எடுக்காதீர்கள்.

கொப்பியிலும் அறிகுறி தெரியும். கணக்கைச் செய்யாமல் புள்ளித்திட்டத்தை வாசித்துவிட்டு ‘விளங்குது’ என்று நகர்வது, குறிப்புகளை நிறப்பேனையால் திரும்ப அழகாக எழுதுவது, மேசையில் இருந்தபின் முதல் கணக்கைத் தொடங்க அரை மணித்தியாலம் போவது, இவையெல்லாம் மூளை கடினமான வேலையைத் தவிர்க்கத் தொடங்கிவிட்டதன் அடையாளங்கள். மணிக்கணக்கு குறையாததால் வீட்டில் யாருக்கும் இது தெரியவராது.

இனி வெட்டுவது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் பயணமும் அலைச்சலும் அப்படியே இருக்கும், படிப்பு மட்டும்தான் குறையும். ஒரு பாடத்தைக் கைவிடவும் முடியாது. இசட் புள்ளி மூன்று பாடங்களினதும் சராசரி. உங்களுக்குக் கழிக்கத்தக்கது தியரி வகுப்பு. போன முறை முழுதாகக் கேட்ட பாடம் அது. காசு கட்டியாயிற்றே என்று பலர் அதை வைத்துக்கொண்டு வினாத்தாள் செய்யும் நேரத்தைத்தான் குறைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள்.

தியரி வகுப்பு மூன்று நாளில் 15 மணித்தியாலம் என்று வைப்போம். புறக்கோட்டையில் இறங்கி 100இலோ 101இலோ ஏறிப் போய்வர நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால், அதுவே இன்னும் 6. வீட்டுப் படிப்பை 50இலிருந்து 40 ஆக்கினால் மொத்தம் 31 மணித்தியாலம் கையில் வரும். அதில் பத்தரையை நித்திரைக்குக் கொடுத்தால் இரவுக்கு ஆறரை மணித்தியாலம் ஆகும். ஞாயிறு பின்னேரம் முழுதும் ஓய்வு. மிச்சத்தைப் படிப்பால் நிரப்பாதீர்கள். இந்தத் திட்டம் பெரும்பாலும் இரண்டாம் கிழமையில், ‘சும்மா இருக்கிறேனே’ என்ற குற்ற உணர்வில்தான் உடையும்.

அந்த 40 மணித்தியாலத்தில் நேரம் வைத்து மூன்று பல்தேர்வு வினாத்தாள்கள், பாடத்துக்கு ஒன்றாகச் செய்யுங்கள். இணைந்த கணிதத்துக்குப் பல்தேர்வு இல்லாததால் பகுதி அ-வின் 10 வினாக்களைச் செய்யலாம். திருத்துவதற்கும் செய்த அளவு நேரம் ஒதுக்குங்கள். ஆழத்தையும் கொஞ்சம் குறைக்கலாம். இணைந்த கணிதத்தில் பகுதி ஆ-வின் 7 வினாக்களில் 5 போதும். ஒவ்வொரு தாளிலும் உங்களை மிகவும் வதைக்கும் ஒரு வினாவகையை விடுங்கள். இரண்டை விட்டால் பரீட்சை அன்று தெரிவு செய்ய ஒன்றும் மிஞ்சாது. பகுதி அ-வுக்கு எல்லா அலகும் வேண்டும் என்பதால் விட்ட அலகின் அடிப்படையைத் தொட்டுவையுங்கள்.

இரண்டு கிழமை இப்படிப் போனபின் ‘க’க்களை எண்ணுங்கள். குறைந்திருந்தால் கிழமைக்கு மூன்று மணித்தியாலம் மட்டும் கூட்டலாம். நித்திரை கொண்டும் களைப்புப் போகாவிட்டால் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரத்தச்சோகையும், அண்மையில் வந்துபோன டெங்குவும் இதே சோர்வைத் தரும். நித்திரை வராமல் புரளுவது, எதிலும் விருப்பமில்லாதது, வாழவே வேண்டாம் என்ற நினைப்பு ஆகியவை இருந்தால் இரண்டு கிழமை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இன்றே எடுங்கள், வீட்டிலும் ஒருவருக்குச் சொல்லுங்கள்.