மைக் மாற்றினால் குரல் சமமாகுமா?

என் சமையல் சேனலில் ஒரு வீடியோவில் குரல் கணீரென்று இருக்கிறது, அடுத்ததில் அமுங்கிப்போகிறது. “இந்த மைக் வாங்கினால் எல்லா வீடியோவும் ஒரே சத்தம்” என்று எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். 9,000 ரூபாய் போனதுதான் மிச்சம். – வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள் அம்மா. இல்லாத குணத்தைச் சொல்லி விற்றிருக்கிறார். செய்தியையும் பில்லையும் வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். நானும் இதற்காகவே ஓர் ஒலி மிக்ஸர் பெட்டி வாங்கி ஏமாந்தவன். கடைக்காரர் வாயால் சொன்னதை நம்பியதால் என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

உங்கள் வீட்டில் குரலை அமுக்குவது மிக்ஸியாக இருக்கலாம். சத்தத்தை LUFS என்ற அளவில் கணக்கிடுகிறார்கள்; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம், -22ஐவிட -9 உரத்தது. யூடியூப் -14ஐ வரம்பாக வைத்து, அதைத் தாண்டும் வீடியோவைக் குறைக்கும்; மெலிந்ததை வழக்கமாக ஏற்றாது. அதனால் எடிட் செய்யும்போதே முழு வீடியோவையும் -14க்குக் கொண்டுவருகிறார்கள். தவறு நடப்பது அங்கேதான்.

எட்டு நிமிட வீடியோவில் ஏழு நிமிடம் உங்கள் குரல் -22, ஒரு நிமிடம் மிக்ஸி -9 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நிமிடமே மொத்த அளவை -17 வரை இழுத்துவிடும். மென்பொருள் 3 டெசிபல் மட்டும் ஏற்றும். குரல் -19இல் நிற்கும். மிக்ஸியே இல்லாத தயிர்சாத வீடியோவிலோ குரல் -14ஐ எட்டிவிடும். 5 டெசிபல் வித்தியாசம் யார் காதுக்கும் தெரியும்.

ஆகவே பேச்சையும் மிக்ஸியையும் தனித்தனி டிராக்கில் வையுங்கள். இலவச ஆடாசிட்டியில் பேச்சு டிராக்கை மட்டும் தேர்ந்தெடுத்து `Loudness Normalization` கொடுங்கள். அதில் முதலில் -23 என்றிருக்கும், -14 ஆக்குங்கள். அப்புறம் `Limiter`-ஐ -1இல் வைத்தால் உரத்த சொற்கள் கரகரக்காது. மிக்ஸி டிராக்கைக் குரலைவிடத் தாழ்வாக இறக்குங்கள். ஒவ்வொரு வீடியோவிலும் இதே எண்களை வையுங்கள். ஆனால் தூரத்தில் நின்று பேசினால், ஏற்றும்போது ஃபேன் இரைச்சலும் சேர்ந்து ஏறும். மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைச் சமமாக்கும் பிளக்இன், 18,000 ரூபாய், இன்றே கடைசி நாள். வாங்கலாமா? – வாசகர், கோரமங்கலா

வேண்டாம்.

பில் இல்லாமல் மைக் வாங்கினேன். குரல் மெலிந்திருக்கிறது, திருப்பித் தர முடியுமா? – வாசகர், இந்திராநகர்

பில் கேட்காமல் வாங்கிவிட்டு இப்போது கேட்கிறீர்களே தம்பி. கடைக்காரர் மனது வைத்தால்தான் உண்டு. முதலில் கம்ப்யூட்டரில் உங்கள் வீடியோ மீது ரைட் கிளிக் செய்து `Stats for nerds` திறங்கள். `content loudness` -8 என்பதுபோல் காட்டினால், அது LUFS அல்ல, யூடியூப் வரம்பைவிட 8 டெசிபல் மெலிவு என்று பொருள்; ஒலியை ஏற்றாமலே அப்லோடு செய்திருக்கிறீர்கள். மைக்கில் குறை இல்லாமலும் இருக்கலாம்.

ஏற்கெனவே போட்ட 40 வீடியோக்களை என்ன செய்வது? – வாசகி, ஜெயநகர்

விட்டுவிடுங்கள். யூடியூபில் அதே இணைப்பில் கோப்பை மாற்ற முடியாது. புதிதாக அப்லோடு செய்தால் பார்வைகளும் கருத்துகளும் போய்விடும்.